ஏழு மில்லிமீற்றருக்கு ஒரு திகதி

விடாத இருமலுக்காகவோ, சத்திரசிகிச்சைக்கு முந்திய பரிசோதனையாகவோ, வெளிநாட்டு வீசாவுக்கு எடுத்த நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல் தெரிந்ததென்றோ ஒருவருக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. தேடிப்போன நோய் அதில் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசி வரிகளில், வலது நுரையீரலின் மேல்மடலில் 7 மில்லிமீற்றர் அளவில் ஒரு நொடியூல், அதாவது சிறு கணு, காணப்படுகிறது என்றும் தொடர்ந்து கண்காணிப்பது நல்லது என்றும் எழுதியிருக்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அந்த வரியோடு வீடு திரும்புகிறவருக்கு இரண்டு தவறான பாதைகள் திறந்திருக்கின்றன. ஒன்று, அன்றிரவே உறவுகளுக்கெல்லாம் செய்தி பரவி, கனடாவில் இருக்கும் மகனின் வற்புறுத்தலில் அடுத்த வாரமே பெட் ஸ்கேனுக்கும் பயொப்சிக்கும் ஓடுவது. மற்றையது, இருமல் நின்றுவிட்டதே என்று ஸ்கேன் படங்களை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு மறந்துபோவது. இந்த அளவுள்ள கணுவுக்கு மருத்துவம் தருகிற சரியான பதில் இரண்டுமல்லாத ஒன்று: அடுத்த ஸ்கேனுக்கான திகதி. அந்தத் திகதி வைத்தியரின் தயக்கத்தில் பிறப்பதன்று, அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்பதும், கொழும்பில் அந்தக் கணக்கு தவறிப்போவது பெரும்பாலும் மருத்துவ அறிவின் குறையாலல்ல, திகதிக்குப் பொறுப்பாளி ஒருவர் இல்லாததால்தான் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் ஆபத்து எப்படி மதிப்பிடப்படுகிறது என்று பார்ப்போம். கணுவைப் பற்றித் தெரியவேண்டிய விடயங்களில் அளவே முதலாவது; மற்றவை எல்லாம் அதற்குப் பின்னர்தான். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் புகைபிடிப்பவர்களிடையே நடந்த நெல்சன் ஆய்வின் தரவுகள் 2014இல் வெளியானபோது, 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கணு உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, கணுவே இல்லாதவர்களின் வாய்ப்பிலிருந்து வேறுபடவில்லை என்று தெரிந்தது. இருசாராருக்கும் அது நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. 10 மில்லிமீற்றரைத் தாண்டியவர்களிடம் அதுவே நூற்றுக்குப் பதினைந்தளவுக்கு உயர்ந்தது. கதிரியக்கவியல் நிபுணர்கள் உலகெங்கும் பின்பற்றும் பிளைஷ்னர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி 6 மில்லிமீற்றரில் கோடு கிழித்திருப்பதற்குக் காரணம் இத்தகைய சான்றுகளே. புற்றுநோய் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றையாவது எட்டினால்தான் பின்தொடர்வது பயனுள்ளது என்று அந்தச் சங்கம் முடிவுசெய்தது. 6 மில்லிமீற்றருக்குக் குறைந்த திடமான கணு, அதிகம் புகைபிடிக்காதவரிடம் இருந்தால், இன்னொரு ஸ்கேனே தேவையில்லை. முழுவதும் சமமாக, அல்லது நடுவில், அல்லது வளையம் வளையமாகச் சுண்ணாம்பு படிந்த கணுவும், உள்ளே கொழுப்புத் தெரியும் கணுவும், நுரையீரல் மடல்களைப் பிரிக்கும் சவ்வை ஒட்டி முக்கோணமாக அமைந்த சின்னஞ்சிறு நிணநீர்க் கணுவும் இந்தப் பேச்சுக்கே வராதவை. அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் நிபுணர் தீங்கற்றவை என்று ஒதுக்கிவிடலாம்.

அளவுக்கு அடுத்தபடி வயது, பால், குடும்பத்தில் நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் காற்றறைகள் சிதைந்திருத்தல், கணு இருக்கும் இடம், விளிம்பு ஆகியவை வருகின்றன. இவை அனைத்தையும் ஒரே எண்ணாகச் சேர்க்கும் சூத்திரங்களில் புகழ்பெற்றது கனடாவில் உருவான புரொக் மாதிரி. 2013இல் வெளியான அந்த ஆய்வு சில ஆயிரம் பேரின் பன்னிரண்டாயிரம் கணுக்களை வைத்து எழுந்தது. அந்தப் பன்னிரண்டாயிரத்தில் புற்றுநோயாக முடிந்தவை 144 மட்டுமே. நமது உதாரணத்துக்கு 58 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புகைபிடித்ததில்லை, குடும்பத்தில் நுரையீரல் புற்றுநோய் இல்லை, மேல்மடலில் 7 மில்லிமீற்றரில் ஒரே ஒரு திடமான கணு, விளிம்பு வழுவழுப்பானது. சூத்திரம் தருகிற விடை ஏறத்தாழ 3.5 வீதம். அதே பெண்ணின் கணு 5 மில்லிமீற்றராக இருந்திருந்தால் 1 வீதம். 12 மில்லிமீற்றராக இருந்திருந்தால் 14 வீதம். 7 மில்லிமீற்றர் கணுவின் விளிம்பு முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் 7 வீதம். நோயாளிக்கு வைத்தியர் சொல்லவேண்டியது இதுதான்: இப்படிப்பட்ட கணுவுள்ள நூறு பேரில் தொண்ணூற்றாறு பேருக்கு இது புற்றுநோயல்ல, அந்த மூன்று நான்கு பேர் யாரென்று இன்றைய படம் காட்டித்தராது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுகிறது. கனடாவில் புகைபிடித்தவர்களிடம் உருவான சூத்திரத்தைப் புகையே பிடிக்காத வெள்ளவத்தைப் பெண்ணிடம் பொருத்துவது எப்படிச் சரியாகும்? சரியாகாது என்பதே நேர்மையான பதில். சூத்திரம் மேல்மடலுக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கிறது, ஏனென்றால் புகைபிடிப்போரின் புற்றுநோய் அங்கேதான் அதிகம் முளைக்கிறது. ஆனால் காசநோயும் அதே மேல்மடலைத்தான் விரும்புகிறது. இலங்கையில் 2019இல் எட்டாயிரத்துக்கும் அதிகமானோருக்குக் காசநோய் பதிவாகியது. மாவட்டங்களில் கொழும்பே முன்னணி. எப்போதோ வந்து, வந்ததே தெரியாமல் ஆறிப்போன காசநோய் விட்டுச்சென்ற வடு, படத்தில் இதே போன்ற ஒரு திடமான கணுவாகத்தான் தெரியும். எனவே டொரொன்ரோவில் சந்தேகத்தைக் கூட்டுகிற அதே தகவல் கொட்டாஞ்சேனையில் அவ்வளவு எடை பெறக்கூடாது. மறுபக்கம், புகைபிடிக்காத பெண் என்பதாலேயே நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. தாய்வானில் ஒருபோதும் புகைபிடிக்காத, ஆனால் குடும்ப வரலாறு, சமையற் புகை போன்ற வேறு காரணங்கள் உள்ள பன்னிரண்டாயிரம் பேரைப் பரிசோதித்தபோது முதல் ஸ்கேனிலேயே 2.6 வீதமானோருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. தாய்வானின் எண்ணை அப்படியே இங்கு கொண்டுவரவும் கூடாது. ஆனால் புகைபிடிக்காதவர் என்ற ஒரு சொல்லை வைத்துக் கோப்பை மூடுவது தவறு என்பதற்கு அது போதும். ஆசிய நுரையீரல் நிபுணர்கள் 2016இல் வெளியிட்ட உடன்பாட்டு அறிக்கை இந்த இரண்டையும் கவனத்தில் எடுத்து, காசநோய் பரவலான நாடுகளில் பெட் ஸ்கேனை அதிகம் நம்பவேண்டாம் என்றும் கண்காணிப்பைச் சற்று நீட்டவேண்டும் என்றும் கூறியது. ஆக, சூத்திரம் தரும் 3.5 என்பது தராசின் முள் அல்ல, ஒரு வீச்சின் நடுப்பகுதி. ஒன்றாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். இந்த வீச்சுக்குள் எங்கு விழுந்தாலும் அடுத்து செய்யவேண்டியது மாறுவதில்லை என்பதுதான் இதில் ஆறுதலான விடயம்.

அந்த அடுத்த காரியம், 6 முதல் 8 மில்லிமீற்றர் வரையான ஒற்றைத் திடக் கணுவுக்கு, ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு ஸ்கேன்; பின்னர் பதினெட்டிலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள் இன்னொன்று. ஏன் மூன்று மாதத்தில் அல்ல, ஏன் அடுத்த வாரம் அல்ல என்று கேட்பவருக்குப் பதில் கணிதத்தில் இருக்கிறது. நுரையீரலில் திடமான புற்றுக் கட்டிகளில் பெரும்பாலானவை நூறு நாளுக்கும் நானூறு நாளுக்கும் இடையில் தங்கள் கனவளவை இரட்டிப்பாக்குகின்றன. கனவளவு இரட்டிப்பானாலும் குறுக்களவு கால்வாசிதான் கூடும். 7 மில்லிமீற்றர் 9 மில்லிமீற்றரைக்கூட எட்டாது. இப்போது நமது பெண்ணின் கணு புற்றுநோய் என்றும், இருநூறு நாளுக்கொருமுறை இரட்டிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் அது 7.8 மில்லிமீற்றர் ஆகும். ஆறு மாதத்தில் 8.6. பன்னிரண்டு மாதத்தில் 10.7. ஒரே கணுவை இரண்டு நிபுணர்கள் அளந்தாலோ, ஒருவரே இரண்டு தடவை அளந்தாலோ ஒன்றரை மில்லிமீற்றர் வரை வேறுபடுவது சாதாரணம். ஆகவே இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்த மாற்றத்தை வளர்ச்சி என்று எடுப்பதில்லை. மூன்று மாத ஸ்கேன் இந்தப் பிழைக்குள் மூழ்கிவிடும். வளரவில்லை என்று பொய்யான நிம்மதியையோ, வளர்ந்துவிட்டது என்று பொய்யான பீதியையோதான் அது தரும். ஓராண்டில் எடுத்த படமோ தெளிவாகப் பேசும். கணு இன்னும் மெதுவாக, நானூறு நாளுக்கொருமுறை இரட்டித்தால் ஓராண்டில் 8.6தான், அப்போது இரண்டாவது ஸ்கேன், இரண்டாண்டு நிறைவில், 10.7 என்று அதைப் பிடித்துவிடும். இரண்டு திகதிகள் எதற்கென்று இப்போது விளங்கும்: முதலாவது வேகமானதைப் பிடிக்க, இரண்டாவது மந்தமானதைப் பிடிக்க. திடமான கணு இரண்டாண்டு அசையாமல் இருந்தால் அதைத் தீங்கற்றது என்று விட்டுவிடலாம் என்ற விதியும் இந்தக் கணக்கின் பிள்ளைதான். சில வாரங்களிலேயே இரட்டிக்கும் கணு பெரும்பாலும் தொற்று. அதுவும் ஒரு பதில்.

அப்படியென்றால் அந்த மூன்று நான்கு பேர் காத்திருக்கும் காலத்தில் நோய் முற்றிவிடாதா? கட்டுரை முழுவதிலும் கனமான கேள்வி இதுதான், இதற்கு வழவழ என்று பதில் சொல்லக்கூடாது. 1 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட, வேறெங்கும் பரவாத நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் ஏறக்குறைய 92 வீதம். 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை உள்ளோரில் 83 வீதம். காத்திருந்ததால் கணு முதலாவது வகையிலிருந்து இரண்டாவதுக்குப் போகக்கூடும். அதாவது காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த விலை நூறில் மூன்று நான்கு பேருக்கு, அவர்களிலும் சிலருக்கு மட்டும். மாற்று வழியின் விலையை நூறு பேருமே செலுத்துகிறார்கள். ஊசியை நெஞ்சுக்குள் செலுத்தி எடுக்கும் பயொப்சியில், அமெரிக்காவில் பெருந்தொகையானோரைக் கொண்டு நடந்த கணக்கெடுப்பின்படி, நூறில் பதினைந்து பேருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிகிறது. ஆறேழு பேருக்குக் குழாய் செருகி வைத்தியசாலையில் தங்கவேண்டியிருக்கிறது. மூச்சோடு மேலும் கீழும் அசையும் 7 மில்லிமீற்றர் இலக்கை ஊசி தவறவிடுவதும் அதிகம். தவறிய ஊசி புற்றுநோய் இல்லை என்று சொன்னாலும் அதை யாரும் நம்பமுடியாது, கண்காணிப்பு எப்படியும் தொடரவேண்டும். பெட் ஸ்கேன் பற்றி மக்களிடையே ஒரு மிகை நம்பிக்கை இருக்கிறது. 8 மில்லிமீற்றருக்குக் குறைந்த கணுவில் அது புற்றுநோயையும் ஒளிரவிடாமல் தவறவிடலாம். காசநோய் உள்ள கணுவோ புற்றுநோய் இல்லாமலே பிரகாசமாக ஒளிரும். ஒளிர்ந்துவிட்டது என்பதற்காக நெஞ்சைத் திறந்து பார்த்தபின் காசநோய் வடுவைக் கண்டால், அது நூறு பேர் செலுத்திய விலையில் ஒரு பகுதி. கணு 8 மில்லிமீற்றரைத் தாண்டும்போதுதான் கணக்குப் புரள்கிறது. அப்போது மூன்று மாதத்தில் ஸ்கேன், பெட், பயொப்சி என்ற மூன்றையும் வைத்தியர் மேசைக்குக் கொண்டுவருவது சரி.

திடமாக இல்லாமல், படத்தில் மங்கலான நிழலாக மட்டும் தெரியும் கணு தனியாகப் பேசப்படவேண்டியது. அது வந்துபோகும் தொற்றாக இருக்கலாம்; நிலைத்திருந்தால் மிக மந்தமாக நகரும் புற்றுநோயின் முதல் உருவமாகவும் இருக்கலாம். இதற்கு இரண்டாண்டு போதாது. 6 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டாண்டுக்கொருமுறை, ஐந்தாண்டுவரை. அதன் நடுவே ஒரு திடமான பகுதி தோன்றுவதுதான் எச்சரிக்கை. இரண்டாண்டாக வளரவில்லை என்று இப்படிப்பட்ட கணுவை விட்டுவிடுவது, திடக் கணுவின் விதியைப் பொருந்தாத இடத்தில் பொருத்துவதாகும். இந்த விதிகள் எல்லாம் 35 வயதுக்கு மேற்பட்ட, முன்பு புற்றுநோய் வராத, நோயெதிர்ப்புச் சக்தி குறையாதவர்களுக்கு என்பதையும் இடையில் சொல்லிவைக்கவேண்டும். மார்புப் புற்றுநோய்க்கு மஹரகமவில் சிகிச்சை பெற்ற ஒருவரின் நுரையீரலில் 5 மில்லிமீற்றர் கணு தெரிந்தால் அவருக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது.

இனிக் கொழும்புக்கு வருவோம், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் புத்தகத்தில் சரியாக இருக்கிறது; கணக்கு உடைவது வேறு இடத்தில். இங்கே ஸ்கேன் ஓரிடத்தில், அறிக்கை எழுதியவர் இன்னோரிடத்தில், அதை அனுப்பிய வைத்தியர் மாலை நேரத்தில் மூன்றாவது இடத்தில். அறிக்கையும் படங்களும் நோயாளியின் கையில் கொடுக்கப்படுகின்றன. அதோடு எல்லோருடைய கடமையும் முடிந்துவிடுகிறது. ஓராண்டு கழித்து அவரைத் திரும்ப அழைக்கவேண்டிய கடமை யாருடையது என்று கேட்டால் விடை இல்லை. நெஞ்சு வலிக்கு அனுப்பிய இதய நிபுணருக்கு அது தன் துறையல்ல. குடும்ப வைத்தியருக்கு ஸ்கேன் எடுத்ததே தெரியாமல் இருக்கலாம். இப்படியான இடத்தில் தொடர்ந்து கண்காணிப்பது நல்லது என்ற வரி எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத வரி. அதைச் சற்று மாற்றினால் பெரும்பகுதி சரியாகிவிடும் என்று நான் நினைக்கிறேன். அறிக்கையில் கணுவின் நீளம், அகலம் இரண்டின் சராசரி, திடமானதா மங்கலானதா, எந்த மடல், எத்தனையாவது படத்தில் தெரிகிறது, அடுத்த ஸ்கேன் எந்த ஆண்டு எந்த மாதம் என்பவை எழுதப்படட்டும். மாதத்தின் பெயர் எழுதப்பட்ட அறிக்கையைக் குடும்பத்தில் யாராவது ஒருவர் நினைவில் வைத்திருப்பார்.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: நோயாளியின் புகைப்பழக்கமோ வரலாறோ தெரியாத கதிரியக்கவியல் நிபுணர் எப்படித் திகதி குறிக்கமுடியும்? உண்மைதான். அதனால்தான் ஸ்கேனுக்கு அனுப்பும் தாளில் வயதோடு, புகைத்தாரா, எத்தனை ஆண்டு, பீடியா சிகரெட்டா, முன்பு காசநோய் வந்ததா, புற்றுநோய் வந்ததா என்ற நான்கைந்து சொற்களை அனுப்பும் வைத்தியர் எழுதவேண்டும். இரண்டு நிமிட வேலை. அது இல்லாவிட்டாலும் 6 முதல் 8 மில்லிமீற்றர் வரை திகதி புகைத்தவருக்கும் புகைக்காதவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. வரலாறு தெரியாதது சாக்காகாது.

படங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வளர்ச்சி என்பது இரண்டு படங்களுக்கிடையிலான வித்தியாசம். பழைய படம் இல்லாவிட்டால் புதிய படம் மறுபடியும் முதலாவது படமாகிவிடுகிறது, இரண்டாண்டுக் கடிகாரம் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. அச்சிட்ட பிலிமில் வருவது பெரும்பாலும் தடித்த துண்டுகளின் படங்கள். 7 மில்லிமீற்றர் கணுவை நம்பிக்கையோடு அளக்க ஒரு மில்லிமீற்றர் அளவிலான மெல்லிய துண்டுகள் வேண்டும். அவை இறுவட்டில்தான் இருக்கும். எனவே ஸ்கேன் எடுத்த இடத்தில் இறுவட்டைக் கேட்டு வாங்குவதும், அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோவதும், முடிந்தவரை அதே இயந்திரத்தில் எடுப்பதும் எந்தப் பெட் ஸ்கேனையும் விட இந்தக் கட்டத்தில் பயனுள்ளவை. பல வருடங்களுக்கு முன் வேறெதற்கோ எடுத்த ஸ்கேன் வீட்டில் கிடந்தால் இன்னும் நல்லது. அதில் இதே கணு இதே அளவில் இருந்தால் இரண்டாண்டுக் காத்திருப்பு அன்றைக்கே முடிந்துவிடும். பின்தொடர் ஸ்கேனைக் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும்படி கேட்கலாம். சாதாரண நெஞ்சு சி.டி.யின் கதிர்வீச்சில் நான்கில் ஒரு பங்கு போதும், நிறமருந்து ஊசியும் தேவையில்லை.

காசநோய்ச் சந்தேகம் இருந்தால் டீன்ஸ் வீதியிலுள்ள மத்திய மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். கணு வளர்ந்ததாகத் தெரிந்தால் வெலிசறையிலுள்ள தேசிய சுவாசநோய் வைத்தியசாலையில் அதைப் பார்க்கவும் அகற்றவும் நிபுணர்கள் உண்டு. வசதி இல்லை என்று சொல்வதற்கில்லை. இல்லாதது ஒரு பதிவேடு: இந்த மாதம் யார் யாருக்கு ஸ்கேன், யார் வரவில்லை என்று பார்த்து ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கும் தாதி ஒருவர். ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு வைத்தியசாலையும் தான் எழுதிய திகதிகளுக்குத் தானே பதிவேடு வைத்துக்கொண்டால் புதிய இயந்திரம் எதுவும் வாங்கவேண்டியதில்லை.

கடைசித் திகதியிலும் எழுதவேண்டிய ஒன்று மிச்சமிருக்கிறது. இரண்டாண்டு அசையாத திடக் கணுவுக்கு இனி ஸ்கேன் தேவையில்லை என்று வைத்தியர் எழுத்தில் கொடுக்கவேண்டும். அது கொடுக்கப்படாவிட்டால், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று ஆண்டுதோறும் பணம் கட்டிக் கதிர்வீச்சு வாங்குகிறவர்கள் உருவாகிவிடுவார்கள். அடுத்த ஸ்கேனில் ஈரலிலோ தைரொய்டிலோ இன்னொரு தற்செயல் கணு தெரியும்வரை அது தொடரும்.